விழா தேதியும் ஒரு ‘ஓகே’யும்

ஆண்டு விழாவுக்கு ஊழியர் எல்லாருக்கும் லோகோ போட்ட ஸ்டீல் வாட்டர் பாட்டில். இதை முடிவு செய்ய மீட்டிங்கில் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அதற்குப் பிறகு ஒரு மாதம் தூக்கம் கெடுவது பர்ச்சேஸ் பார்ப்பவருக்குத்தான். பல வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான்.

முதலில் விலை. கொட்டேஷனில் ஸ்லாப் போட்டிருப்பார்கள். 250 முதல் 499 வரை பாட்டில் ஒன்று 310 ரூபாய், 500க்கு மேல் போனால் 285 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தேவை 460. பெருக்கிப் பாருங்கள்: 460 பாட்டில் 1,42,600 ரூபாய்; 500 பாட்டில் 1,42,500 ரூபாய். நாற்பது பாட்டில் கூடுதலாக வந்தும் நூறு ரூபாய் மிச்சம்! ஆனால் தேவை 440 என்றால் 1,36,400தான் ஆகும். அப்போது 500 எடுப்பது, அந்த அறுபது பாட்டிலை 6,100 ரூபாய்க்கு வாங்குவது போல. புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுக்கலாம் என்றால் லாபம். ஸ்டோர் ரூமில் தூசி பிடிக்கும் என்றால் வேண்டாம்.

ஸ்லாப்பில் ஒரு சூட்சுமமும் உண்டு. கறுப்பில் 250, நீலத்தில் 250 என்று பிரித்தால் சில சப்ளையர்கள் அதை 500 என்று கணக்கில் எடுக்க மாட்டார்கள். முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும். விலையை வரியோடு சேர்த்தே ஒப்பிடுங்கள். பரிசாகக் கொடுத்துவிடும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கச் சட்டம் இடம் தராது.

அடுத்து சாம்பிள். சப்ளையர் முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார்; பாட்டில் மேல் உங்கள் லோகோ பளபளவென்று இருக்கும். அது கம்ப்யூட்டரில் ஒட்டிய படம். அதை வைத்து எழுத்துப் பிழை, லோகோவின் அளவு, இடம் இவற்றைச் சரிபார்க்கலாம், அவ்வளவுதான். நிறத்தை அதில் நம்பக் கூடாது. கறுப்பு பாட்டிலில் சிவப்பு அச்சடித்தால், அடியில் வெள்ளைப் பூச்சு கொடுக்காதவரை, சிவப்பு மங்கிப்போய்விடும். லேசர் என்றால் நிறமே கிடையாது; மேல்பூச்சை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் ஸ்டீலைக் காட்டுவதுதான் லேசர். அதனால் லோகோ வெள்ளி நிறத்தில்தான் வரும். இதைத் தெரியாமல் நிறம் கேட்டுச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நிஜ பாட்டிலில், நிஜ அச்சில் ஒரு சாம்பிள் கேளுங்கள். வந்ததும் லோகோ மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பாத்திரம் தேய்க்கும் நாரால் தேயுங்கள். ஒரு முறை நான் கண்ணால் மட்டும் பார்த்து ஓகே சொன்னேன். விழா முடிந்த மறுவாரமே கேன்டீனில் எங்கள் கம்பெனிப் பெயரில் பாதிதான் மிச்சம் இருந்தது. தேறிய சாம்பிளில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டு, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகள் வந்து இறங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் சாட்சி.

இனி தேதி. ‘10 வேலை நாளில் டெலிவரி’ என்று கொட்டேஷனில் இருக்கும். எந்த நாளிலிருந்து? ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து என்று நாம் நினைப்போம். சாம்பிளுக்கு ஓகே சொல்லி, அட்வான்ஸ் போய்ச் சேர்ந்த நாளுக்கு மறுநாளிலிருந்துதான் சப்ளையர் எண்ணுவார்.

விழா ஜனவரி 10, சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 22, திங்கட்கிழமை ஓகே சொல்லி அட்வான்ஸும் அனுப்பிவிட்டீர்கள். ஞாயிறு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு இவற்றைக் கழித்தால் பத்தாவது வேலை நாள் ஜனவரி 5. லாரியில் இரண்டு நாள். 7ஆம் தேதி சரக்கு கையில். எண்ணிப் பார்க்கவும், நசுங்கியதை மாற்றவும், பையில் போடவும் நேரம் இருக்கிறது.

அதே சாம்பிள் எம்.டி. மேஜையில் நான்கு நாள் கிடந்து, அவர் 26ஆம் தேதி சாயங்காலம் தலையாட்டினார் என்றால்? பத்தாவது வேலை நாள் ஜனவரி 8. லாரி வந்து நிற்பது விழா நடக்கும் அதே சனிக்கிழமை. மேடையில் குத்துவிளக்கு ஏற்றும்போது நீங்கள் லாரி ஆபீஸில் நிற்பீர்கள்.

அதனால் ஆர்டர் போடும் முன்பே, சாம்பிளுக்கு ஓகே சொல்லப்போவது யார், அந்த வாரம் அவர் ஊரில் இருப்பாரா என்று கேட்டுவிடுங்கள்.