வக்காலத்துக்கு முன் ஒரு கடிதம்

பாகப்பிரிவினை வழக்குக்கு வக்கீலை அமர்த்துகிறீர்கள். வக்காலத்து அவருக்கு ஆஜராகும் அதிகாரம் தரும்; வேலையின் எல்லையையும் கட்டணத்தையும் சொல்வது நியமனக் கடிதம்தான்.

"கீழ்நீதிமன்றத் தீர்ப்பு வரை மட்டும், மேல்முறையீடு தனி" என்று அதில் இருந்தால் பின்னால் தகராறு வராது. கட்டணம் மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவா, நீதிமன்றக் கட்டணமும் சேர்ந்ததா என்பதும் இருக்கட்டும். ஜெயித்தால் சொத்தில் பங்கு என்று எழுதியிருந்தால் கையெழுத்திடாதீர்கள். இந்திய பார் கவுன்சில் விதிகள் அதைத் தடுக்கின்றன.

எதிர்த்தரப்பு உங்கள் அண்ணன். அவருக்கு அதே வக்கீல் முன்பு பத்திரம் எழுதித் தந்திருந்தால், வழக்கை ஏற்கும்போதே உங்களிடம் சொல்ல வேண்டும். இந்த வழக்கிலேயே அண்ணனுக்கு ஆலோசனை தந்திருந்தால், உங்களுக்காக ஆஜராகவே கூடாது.

இந்தக் கடிதம் இங்கே கட்டாயமில்லை. முன்பணம் கொடுக்கும்முன் கேட்டு வாங்குங்கள்.