செய்முறை அறை – 9: 37-இல் நிற்காத உச்சி

சென்ற வாரம் உமிழ்நீரை எடுத்து நீர்த்து வைத்ததோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அதை ஸ்டார்ச் கரைசலோடு சேர்த்து, வெப்பநிலை மாற மாற அமைலேஸ் நொதியின் வேகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்போம்.

பள்ளியில் செய்யும் முறை எளிது. ஒரு சதவீத ஸ்டார்ச் கரைசல் 5 மில்லி ஒரு சோதனைக் குழாயில், நீர்த்த உமிழ்நீர் 1 மில்லி இன்னொன்றில். இரண்டையும் ஒரே வெந்நீர்த் தொட்டியில் ஐந்து நிமிடம் வைத்து, சூடு ஏறியபின் ஒன்றாகக் கலக்க வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்து, குழிகள் உள்ள வெள்ளைப் பீங்கான் தட்டில் அயோடினோடு சேர்த்துப் பார்க்கிறோம். ஸ்டார்ச் இருக்கும்வரை கருநீலம். பிறகு செம்பழுப்பு. கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள் நிறம் அப்படியே நிற்கும். அங்கே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வரைபடத்தில் இந்த நேரத்தை அப்படியே போடக் கூடாது; வேகத்தைப் போட வேண்டும். 27 டிகிரியில் 240 விநாடி, 37-இல் 120 விநாடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். 1000-ஐ விநாடியால் வகுத்தால் 4.2, 8.3 என்று வரும். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பழைய விதி இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. வளைவின் இடப்பக்கம் இவ்வளவுதான்.

வலப்பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. 37 தான் உச்சி, அதற்குமேல் நொதி கெட்டுவிடும் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் நொதி ஒரு குறிப்பிட்ட டிகிரியைத் தொட்டதும் பட்டென்று கெடுவதில்லை. சூடு ஏறும்போது இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. உயிரோடிருக்கும் ஒவ்வொரு மூலக்கூறும் முன்னைவிட வேகமாக வேலை செய்கிறது. கூடவே, நிமிடத்துக்கு நிமிடம் சில மூலக்கூறுகள் மடிப்பு அவிழ்ந்து செயலிழக்கின்றன.

கணக்காகவே பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. 37 டிகிரியில் நொதி நிமிடத்துக்கு 10 பங்கு ஸ்டார்ச்சை உடைக்கிறது, கெடுவதே இல்லை. 60 டிகிரியில் தொடக்க வேகம் 30 பங்கு. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பாதி நொதி செயலிழக்கிறது. முதல் ஒரு நிமிடத்தில் 37-இல் உடைந்தது 10 பங்கு, 60-இல் ஏறக்குறைய 25. ஒரு நிமிடச் சோதனை செய்தவருக்கு 60 டிகிரிதான் சிறந்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 37-இல் 100, 60-இல் 84. இருபது நிமிடத்தில் 200-க்கு எதிராக வெறும் 86. நொதி அதேதான், சூடும் அதேதான்; எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பது உச்சியை நகர்த்திவிட்டது. அதனால்தான் குறுகிய நேரச் சோதனைகளில் உமிழ்நீர் அமைலேஸின் உச்சி 37-ஐத் தாண்டிப்போய் விழுவது உண்டு. அப்படி வந்த மாணவியின் வரைபடத்தைத் தவறென்று அடிப்பது எனக்கு ஒப்பவே இல்லை. எத்தனை நிமிடச் சோதனை என்பதை அச்சின் ஓரத்தில் எழுதச் சொன்னால் போதும்.

ஸ்டார்ச்சோடு சேரும் முன் உமிழ்நீர் சூட்டில் காத்திருந்த அந்த ஐந்து நிமிடமும் இதில் சேரும். மேலே சொன்ன கணக்குப்படி 60 டிகிரியில் அதற்குள்ளேயே நொதியில் ஆறில் ஒரு பங்கு அளவே மிஞ்சியிருக்கும். ஒரு குழு இரண்டு நிமிடமும் இன்னொரு குழு பத்து நிமிடமும் காத்திருந்தால், இரு வளைவுகளும் பொருந்தாது.

உண்மையான தவறு ஒன்று உண்டு. அது சரியான விடைபோலவே தோன்றும். 80 டிகிரிக் குழாய்க்குள்ளேயே அயோடினை விட்டால் நீலம் வராது, வந்தாலும் வெளிறியிருக்கும். ஸ்டார்ச் முழுதும் செரித்துவிட்டது என்று எழுதத் தோன்றும். சூட்டில் அயோடின் ஸ்டார்ச்சின் சுருளுக்குள் தங்காமல் வெளியேறிவிடுகிறது, அவ்வளவே. குழாயைத் தண்ணீரில் ஆறவைத்தால் நீலம் திரும்பி வரும். சொட்டை எடுத்துத் தட்டில் ஆறவிட்டுச் சோதிப்பது இதனால்தான். உமிழ்நீர் சேர்க்காத ஒரு குழாயும் அதே தொட்டியில் இருந்தால் சந்தேகமே எழாது.

பனிக்கட்டிக் குழாயிலும் பல நிமிடம் கழித்தும் நீலம்தான், 80 டிகிரிக் குழாயிலும் நீலம்தான். வரைபடத்தில் இரண்டும் அடிக்கோட்டை ஒட்டியே நிற்கும். இரண்டையும் 37 டிகிரித் தொட்டிக்கு மாற்றிவிட்டுச் சொட்டு எடுத்துப் பாருங்கள். பனியிலிருந்து வந்தது சில நிமிடங்களில் மஞ்சளுக்குப் போய்விடும். 80-இலிருந்து வந்தது மணி அடிக்கும்வரை நீலமாகவே இருக்கும்.