யுபிஐ பணக் கோரிக்கை: அபாயமும் அடையாளமும்

பணக் கோரிக்கை என்பது, யுபிஐ முறையில் பணம் பெற வேண்டியவர் பணம் தர வேண்டியவரின் செயலிக்கு அனுப்பும் வேண்டுகோள் ஆகும். இது பொதுவாகக் 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' எனப்படுகிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு தொடங்கிய யுபிஐ சேவையை இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் (என்பிசிஐ) நடத்துகிறது.

செயல்படும் முறை

யுபிஐயில் பணம் இரு வகையாக நகர்கிறது. தருபவரே பெறுநரின் எண்ணையோ கியூஆர் குறியீட்டையோ கொண்டு அனுப்புவது ஒரு வகை. பெறுபவர் தொகையைக் குறிப்பிட்டுக் கேட்க, தருபவர் அதற்கு இசைவு அளிப்பது மற்றொரு வகை. பணக் கோரிக்கை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கோரிக்கை வந்ததும் செயலியில் கேட்பவரின் பெயர், யுபிஐ முகவரி, தொகை, ஒரு சிறு குறிப்பு ஆகியவை தோன்றும். 'Pay' என்பதை அழுத்தி யுபிஐ பின் எண்ணை இட்டால் பணம் கணக்கிலிருந்து வெளியேறும். 'Decline' என்பதை அழுத்தினால் கோரிக்கை ரத்தாகும். பணம் எதுவும் போகாது.

அபாயம் எங்கே உள்ளது?

முதல் வகையில் யாருக்கு, எவ்வளவு என்பதைத் தருபவரே தீர்மானிக்கிறார். கோரிக்கையில் இவ்விரண்டையும் எதிர்த் தரப்பே நிரப்பிவிடுகிறது. குறிப்புப் பகுதியும் அவ்வாறே. அதில் 'ரீஃபண்ட்', 'கேஷ்பேக்', 'முன்பணம்' என்று எதையும் எழுதலாம். வங்கி அதைச் சரிபார்ப்பதில்லை. பணம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் இருப்பவர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டுப் பின் எண்ணை இட்டுவிடுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒருவர் பழைய குளிர்பதனப் பெட்டியை 8,000 ரூபாய்க்கு விற்க இணையத்தில் விளம்பரம் செய்கிறார் எனக் கொள்வோம். தொலைபேசியில் பேசும் 'வாங்குபவர்' பேரம் பேசாமல் ஒப்புக்கொள்கிறார். நேரில் வர முடியாது என்றும், முன்பணமாக 2,000 ரூபாய் அனுப்புவதாகவும் சொல்கிறார். சற்று நேரத்தில் 'குளிர்பதனப் பெட்டி முன்பணம்' என்ற குறிப்புடன் 2,000 ரூபாய்க்கான கோரிக்கை வருகிறது. "பின் எண்ணைப் போட்டால்தான் உங்கள் கணக்கில் பணம் ஏறும்" என்கிறார். விற்பவர் பின் எண்ணை இட்டவுடன் 2,000 ரூபாய் கழிகிறது. அவர் பதறிக் கேட்டால், "தவறாகிவிட்டது, இரண்டையும் சேர்த்து அனுப்புகிறேன்" என்று கூறி 4,000 ரூபாய்க்கு வேறொரு கியூஆர் குறியீட்டை அனுப்புகிறார். இழந்ததை மீட்கும் அவசரத்தில் விற்பவர் அதையும் ஸ்கேன் செய்தால் இழப்பு 6,000 ரூபாயாகிறது.

இதில் வங்கி அமைப்பு எதுவும் உடைக்கப்படவில்லை. பணத்தை உடையவரே பின் எண்ணை இட்டு இசைவு அளித்திருப்பதால், பணத்தைத் திரும்பப் பெறுவதும் கடினமாகிறது.

கட்டுப்பாடுகள்

இத்தகைய மோசடிகளால், தனிநபர் மற்றொரு தனிநபருக்குக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்தியது. வணிகர்களின் கோரிக்கைகளுக்கு இத்தடை பொருந்தாது. ஆகவே வணிகக் கணக்கின் பெயரிலும், தானியங்கிப் பணம் செலுத்தலுக்கான இசைவுக் கோரிக்கையாகவும், கியூஆர் குறியீடாகவும் அதே தந்திரம் தொடர வாய்ப்புள்ளது.

உண்மையானதை அறிதல்

உண்மையான கோரிக்கை பெரும்பாலும் பயனர் தாமே தொடங்கிய செயலின் தொடர்ச்சியாக வரும். இணையத்தில் பயணச்சீட்டு எடுக்கும்போது யுபிஐ முகவரியை உள்ளிட்டால் அடுத்த சில நொடிகளில் கோரிக்கை வரும். தொகை சீட்டின் விலையோடு பைசா வரை பொருந்தும். பெயரும் அந்நிறுவனத்தைக் குறிக்கும். புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தாலும் இசைவுக் கோரிக்கை வரும். அது அப்போதே பணத்தை எடுப்பதில்லை. பங்கு ஒதுக்கப்படும்வரை தொகையைக் கணக்கிலேயே முடக்கி வைக்கிறது.

தாம் தொடங்காத கோரிக்கையையும், பெயர் அல்லது தொகை பொருந்தாத கோரிக்கையையும் மறுத்துவிடுவதே சரி. உண்மையான பாக்கி ஏதேனும் இருந்தால், அந்நிறுவனத்தின் செயலியில் நேரடியாகப் பார்த்துச் செலுத்தலாம். முடிவான சோதனை பின் எண்தான். பணம் அனுப்பவும், தொகையை முடக்கவும், இருப்பைப் பார்க்கவும் அது தேவைப்படும். பணம் பெற ஒருபோதும் தேவைப்படாது. பணம் பெறுவதற்காகக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை.

பணம் போய்விட்டால்

உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் புகார் அளிக்கலாம். வங்கிக்கும் பரிவர்த்தனை எண்ணுடன் தெரிவிக்க வேண்டும். பெற்றவரின் கணக்கில் பணம் இருக்கும்வரைதான் அதை முடக்க முடியும். மோசடியாளர்கள் அதை விரைவில் வேறு கணக்குகளுக்கு மாற்றிவிடுவதால், முதல் சில மணி நேரத்தில் தரும் புகாருக்கே பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.