நான்கு கோர், ஒரே லாக்: பைத்தான் திரெட் ஏன் வேகம் கூட்டுவதில்லை?

20 லட்சத்துக்குக் கீழே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன? விடை 1,48,933. பைத்தானில் இதை எண்ணச் சொன்னால் சில வினாடிகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இன்றைய லேப்டாப்பில் குறைந்தது நான்கு கோர்களாவது இருக்கும். அப்படியென்றால் வேலையை ஐந்தைந்து லட்சமாக நான்கு துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு திரெட் என்று விட்டால் நேரம் வெகுவாகக் குறைய வேண்டும் அல்லவா? எழுதிப் பார்ப்போம்.

```python
from concurrent.futures import ThreadPoolExecutor

def primes(a):
    c = 0
    for n in range(max(a, 2), a + 500_000):
        if all(n % d for d in range(2, int(n**0.5) + 1)):
            c += 1
    return c

if __name__ == "__main__":
    with ThreadPoolExecutor(4) as ex:
        print(sum(ex.map(primes, range(0, 2_000_000, 500_000))))
```

விடை சரியாக வரும். நேரம் மட்டும் குறையாது. திரெட் எதுவும் இல்லாமல் நேராக ஓடவிட்டால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே ஆகும். சில சமயம் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகும். லினக்ஸில் `top` கட்டளையைத் திறந்து பார்த்தால் காரணத்தின் நுனி கையில் கிடைக்கும். நான்கு கோர்களும் உழைத்தால் அந்த நிரலுக்கு எதிரே 400 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டுவதோ 100. நான்கு திரெட்களும் உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் எந்த ஒரு கணத்திலும் ஒன்றுதான் வேலை செய்கிறது.

கல்யாண வீட்டில் காய் நறுக்க நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அரிவாள்மனை ஒன்றே ஒன்று என்றால் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும். அந்த அரிவாள்மனைக்குக் கணினி உலகில் குளோபல் இன்டர்பிரட்டர் லாக் என்று பெயர். நிரலாளர்கள் சுருக்கி ‘கில்’ என்பார்கள். பைத்தான் நிரலின் ஒரு படியை இயக்க வேண்டுமானால் இந்த லாக் கையில் இருக்க வேண்டும். ஒரு திரெட் அதை வைத்திருக்கும் வரை மற்றவை காத்திருக்கும். காத்திருக்கும் திரெட் 5 மில்லிவினாடி பொறுத்துப் பார்க்கும். அதற்குள் லாக் கிடைக்காவிட்டால் ‘விட்டுக்கொடு’ என்று ஒரு கோரிக்கை வைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் திரெட் அதைக் கவனித்து, வசதியான இடத்தில் நின்று லாக்கைக் கைமாற்றும். இப்படி வினாடிக்கு அதிகபட்சம் 200 முறை போல மாறி மாறி ஓடுவதால் நான்கும் சேர்ந்து ஓடுவதாக நமக்குத் தோன்றுகிறது. மொத்த வேலை மட்டும் ஒரு கோருக்குரிய வேகத்தில்தான் நகர்கிறது.

இந்த 5 மில்லிவினாடி ஏற்பாடு 2011-இல் வந்த பைத்தான் 3.2-இலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். டேவிட் பீஸ்லி என்ற நிரலாளர் 2009, 2010-இல் சில உரைகளில் அதை அளந்து காட்டினார். ஓர் எண்ணிலிருந்து பூஜ்ஜியம் வரை கீழே எண்ணும் எளிய நிரலை இரண்டு திரெட்களில் ஓட்டினார். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவதைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு நேரம் பிடித்தது. ஒரு கோரை அணைத்துவிட்டு ஓட்டினால் வேகம் கூடியது! இரண்டு கோர்களிலிருந்த திரெட்கள் ஒரே லாக்குக்காக முட்டிமோதி, அந்த மல்லுக்கட்டிலேயே நேரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தன. அந்த உரைகள் பரபரப்பைக் கிளப்பிய அதே காலத்தில் அன்ட்வான் பித்ரூ எழுதிய புதிய கில் அந்தச் சண்டையை அடக்கியது. ஆனாலும் லாக் லாக்காகவே நின்றது.

இத்தனை தொல்லை தரும் ஒன்றை ஏன் வைத்தார்கள்? பைத்தானைப் படைத்த கீடோ வான் ராசம் 1990-களின் தொடக்கத்தில் திரெட் வசதியைச் சேர்த்தபோதே இதுவும் வந்துவிட்டது. சோம்பலில் செய்ததாகச் சிலர் ஏளனமாகச் சொல்வதுண்டு. அது நியாயமில்லை. பைத்தான் மெமரியைக் கையாளும் முறைதான் இந்த லாக்கைக் கேட்டு வாங்கியது.

பைத்தானில் ஓர் எண், ஒரு சொல், ஒரு பட்டியல் என்று எதை எடுத்தாலும் அதற்குள்ளே ஒரு சிறு கணக்கு இருக்கும்: என்னை இப்போது எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள்? புதிதாக ஒரு மாறி அதைச் சுட்டினால் கணக்கில் ஒன்று கூடும். விட்டால் ஒன்று குறையும். பூஜ்ஜியம் ஆனதும் அந்த இடம் காலி செய்யப்படும். மேலே உள்ள பகா எண் நிரலில் `n % d` என்ற ஒரே ஒரு வகுத்தலைச் சுற்றி மட்டும் இந்தக் கூட்டலும் கழித்தலும் பல முறை நடக்கின்றன.

இப்போது லாக் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பட்டியலின் கணக்கு 2. இரண்டு திரெட்கள் ஒரே கணத்தில் அதைப் பிடிக்க வருகின்றன. முதல் திரெட் 2 என்று படிக்கிறது. அது எழுதுவதற்குள் இரண்டாவதும் 2 என்றே படிக்கிறது. இரண்டும் ஒன்றைக் கூட்டி 3 என்று எழுதுகின்றன. உண்மையில் பிடித்திருப்பவர்கள் நான்கு பேர், ஏட்டில் மூன்று. பின்னால் மூவர் விட்டதும் கணக்கு பூஜ்ஜியமாகி, பட்டியல் இருந்த இடம் துடைத்தெறியப்படும். நான்காமவர் அந்த இடத்தை இன்னும் படித்துக்கொண்டிருப்பார். விளைவு, நிரல் திடீரென்று விழும். அல்லது, இதைவிடக் கொடுமையாக, விழாமல் தப்பான விடை தரும். அப்படிப்பட்ட பிழை நினைத்த நேரத்தில் வராது, தேடினால் சிக்காது.

ஒவ்வொரு பொருளுக்கும் தனி லாக் வைத்திருக்கலாமே என்றால், அதையும் செய்து பார்த்தார்கள். 1990-களிலேயே கிரெக் ஸ்டைன் கில்லை எடுத்துவிட்டு நுண்ணிய லாக்குகளைப் போட்டார். ஒரே திரெட்டில் ஓடும் சாதாரண நிரலின் வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. கோடிக்கணக்கில் நடக்கும் ஒரு சின்னக் கூட்டலுக்கு ஒவ்வொரு முறையும் பாதுகாப்பு போட்டால் வேறென்ன ஆகும்? 2016-இல் லாரி ஹேஸ்டிங்ஸ் மறுபடி முயன்றபோதும் இதே சுவர்தான் தடுத்தது. ஒற்றைத் திரெட் நிரலை மெதுவாக்காத வழி இருந்தால் மட்டுமே ஏற்பேன் என்று கீடோ 2007-இலேயே சொல்லிவிட்டார். உலகில் உள்ள பெரும்பாலான பைத்தான் நிரல்கள் ஒற்றைத் திரெட்டில்தான் ஓடுகின்றன. அந்தப் பிடிவாதம் சரியானது என்றே எனக்குப் படுகிறது.

அப்படியானால் பைத்தானில் திரெட் வெறும் அலங்காரமா? இல்லை. வெளியே இருந்து ஏதாவது வரக் காத்திருக்கும்போது பைத்தான் லாக்கை விட்டுவிடும். இணையத்திலிருந்து நூறு பக்கங்களை இறக்க வேண்டுமென்றால் திரெட் நன்றாகவே உதவும், ஏனென்றால் அங்கே வேலையில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். சி மொழியில் எழுதப்பட்ட சில பகுதிகளும் கனமான கணக்கில் இறங்கும் முன் லாக்கை விட்டுவிடுகின்றன. பெரிய கோப்பைச் சுருக்கும் `zlib`, நம்பையின் பல கணக்குகள் அப்படிப்பட்டவை. சிக்கல் வருவது பைத்தானிலேயே எழுதிய கனமான கணக்கு ஓடும்போதுதான்.

இரண்டையும் கலந்தால் வரும் சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு திரெட் கனமான கணக்கு போடுகிறது. இன்னொன்று வாடிக்கையாளர்களுக்கு நெட்வொர்க்கில் பதில் சொல்கிறது. பதில் சொல்லும் திரெட் ஒவ்வொரு முறை நெட்வொர்க்கைத் தொடும்போதும் லாக்கை விடும். திரும்பப் பெற 5 மில்லிவினாடி வரிசையில் நிற்கும். ஒரு பதிலுக்கு 20 முறை தொட வேண்டியிருந்தால் 100 மில்லிவினாடி இந்தக் காத்திருப்பிலேயே போய்விடும். கணக்குத் திரெட் நின்றவுடன் தளம் பறக்கும். ‘சர்வர் சில நேரம் மட்டும் இழுக்கிறது’ என்ற புகார்களில் சிலவற்றுக்கு இதுதான் வேர். சந்தேகமிருந்தால் `py-spy` என்ற கருவியை `--gil` என்று சேர்த்து ஓட்டுங்கள்; லாக்கைக் கையில் வைத்திருக்கும் திரெட்டை மட்டும் அது காட்டிக்கொடுக்கும்.

மேலே உள்ள நிரலுக்கு மருந்து எளிது. இரண்டு இடத்திலும் `ThreadPoolExecutor` என்பதை `ProcessPoolExecutor` என்று மாற்றினால் போதும். திரெட்டுக்குப் பதில் நான்கு தனி ப்ராசஸ்கள் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் தனி மெமரி, தனி லாக். `top`-இல் நான்கு பைத்தான்கள் தலா 100 சதவீதத்தில் தெரியும். ஆனால் வேகம் நான்கு மடங்காகாது, மூன்றை ஒட்டி நிற்கும். இதற்குக் கில் காரணமல்ல. எண் பெரிதாகப் பெரிதாகப் பகா எண் சோதனைக்கு நேரம் கூடுவதால், 15 லட்சத்தில் தொடங்கும் கடைசித் துண்டே மொத்த வேலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விழுங்கும். முதல் துண்டை முடித்த கோர் சும்மா உட்கார்ந்திருக்கும். நான்குக்குப் பதில் நாற்பது துண்டாக வெட்டினால் பெருமளவு சரியாகும்.

ப்ராசஸ் முறைக்கு வேறொரு விலை உண்டு. தனி மெமரி என்பதால் எதைக் கொடுத்தாலும் கட்டி அனுப்பி, அங்கே பிரித்தெடுக்க வேண்டும். நம் உதாரணத்தில் போவது ஓர் எண், வருவது ஓர் எண். பெரிய பட்டியலை அனுப்பினால் கட்டவும் பிரிக்கவும் ஆகும் நேரம் லாபத்தையெல்லாம் தின்றுவிடக்கூடும்.

லாக்கையே எடுக்கும் வழி கடைசியில் 2021-இல் வந்தது. மெட்டா நிறுவனத்தின் சாம் கிராஸ் கணக்கு வைக்கும் முறையையே மாற்றினார். ஒவ்வொரு பொருளும் தன்னை உருவாக்கிய திரெட் எது என்று நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தத் திரெட் தொட்டால் பாதுகாப்பு எதுவும் இல்லாத வேகக் கணக்கு. மற்றவை தொட்டால் மட்டும் தனியாகப் பாதுகாத்த இன்னொரு கணக்கு. பெரும்பாலான பொருள்களை அவற்றைப் பெற்ற திரெட்டே தொடுவதால் இழப்பு குறைந்தது. 2023-இல் இந்த முன்மொழிவு ஏற்கப்பட்டது. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-இல் சோதனைப் பதிப்பாகவும், 2025 அக்டோபரில் வந்த 3.14-இல் அதிகாரப்பூர்வ ஆதரவுடனும் கில் இல்லாத தனிப் பதிப்பு கிடைக்கிறது. ஒற்றைத் திரெட் நிரல் இதில் 5 முதல் 10 சதவீதம் வரை மெதுவாகும் என்று சொல்லப்படுகிறது. நாம் வழக்கமாக நிறுவும் பைத்தானில் லாக் இன்னும் இருக்கிறது.

அந்தப் பதிப்பை `python3.14t` என்று அழைத்து, நம் நிரலை ஓர் எழுத்தும் மாற்றாமல் திரெட்டோடு ஓட்டினால் நான்கு கோர்களும் விழிக்கும். விழிக்கவில்லையென்றால் `sys._is_gil_enabled()` என்று கேளுங்கள். விடை `True` என்றால், நீங்கள் இறக்குமதி செய்த ஏதோ ஒரு பழைய சி மொழி நூலகம் லாக் இல்லாமல் ஓடத் தயாராக இல்லை; அது உள்ளே வந்தவுடனே பைத்தான் ஒரு எச்சரிக்கை வரியை அச்சிட்டுவிட்டு, லாக்கைத் திரும்பப் போட்டிருக்கும்.