தவணையில் எது செலவு, எது கடன்?

திருப்பூரில் ஒரு சிறிய தையல் நிறுவனம் புது ஓவர்லாக் இயந்திரங்கள் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் 6,00,000 ரூபாய் கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம், 36 மாதத் தவணை. 2024 ஏப்ரல் 5 அன்று கடன் கிடைக்கிறது. மே 5-லிருந்து மாதந்தோறும் 19,929 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து கழிகிறது.

பணம் ஒரே தொகையாகப் போவதால், கணக்கு எழுதுபவரும் அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார். ஒருவர் 'கடன் தவணை' என்று செலவுக் கணக்கு திறந்து முழுத் தொகையையும் அதில் போடுவார். இன்னொருவர் முழுவதையும் கடன் கணக்கில் கழித்துவிடுவார். சிறு தொழிற்கூடங்களின் கணக்குகளில் நான் அடிக்கடி பார்க்கும் பிழைகள் இவை இரண்டும்தான்.

அந்த 19,929 ரூபாய்க்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று வட்டி. அது பிறர் பணத்தை ஒரு மாதம் பயன்படுத்தியதற்கான கூலி, எனவே செலவு. மற்றது அசல். வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவது செலவாகாது. கடன் வந்தபோது அதை வருமானமாக எழுதவில்லை, போகும்போது மட்டும் எப்படிச் செலவாகும்?

பிரிக்கும் வழி எளிது. ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாதத்துக்கு 1 சதவீதம். முதல் மாதம் நிலுவை 6,00,000, ஆகவே வட்டி 6,000. தவணையில் அது போக மீதி 13,929 அசல். இப்போது நிலுவை 5,86,071. இரண்டாம் மாத வட்டி இந்தத் தொகைக்குத்தான்: 5,861 ரூபாய். அசலாக 14,068 கழிகிறது. இப்படியே மாதாமாதம் வட்டி மெலிந்து அசல் பெருத்துக்கொண்டே போகும். 36-ஆவது தவணையில் வட்டி ஏறக்குறைய 197 ரூபாய்தான். தவணைத் தொகை மாறாததால் உள்ளே நடக்கும் இந்த மாற்றம் கண்ணில் படுவதில்லை.

எக்செல் தெரிந்தவர்கள் எந்த மாதத்துக்கும் இதை நேரே கேட்டுப் பெறலாம். முதல் வரி வட்டி, அடுத்தது அசல். நடுவில் இருக்கும் 1 என்பது எத்தனையாவது தவணை என்பதைக் குறிக்கும்.

```
=IPMT(12%/12, 1, 36, -600000)
=PPMT(12%/12, 1, 36, -600000)
```

இனி பதிவுகளுக்கு வருவோம். கடன் வந்த நாளிலேயே ஒரு கவனம் தேவை. பரிசீலனைக் கட்டணம் 6,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,080 ரூபாயும் பிடித்துக்கொண்டு, வங்கி 5,92,920 ரூபாயைத்தான் வரவு வைத்தது என்று கொள்வோம். கைக்கு வந்த தொகையைக் கடனாக எழுதக் கூடாது. நாம் பட்ட கடன் முழு 6,00,000.

வங்கிக் க/கு ப. 5,92,920
பரிசீலனைக் கட்டணக் க/கு ப. 6,000
உள்ளீட்டு ஜிஎஸ்டி க/கு ப. 1,080
கடன் க/கு வ. 6,00,000

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் அந்த 1,080-ஐயும் கட்டணத்தோடு சேர்த்துச் செலவாக எழுதலாம்.

மே 5 அன்று முதல் தவணை:

வட்டிக் க/கு ப. 6,000
கடன் க/கு ப. 13,929
வங்கிக் க/கு வ. 19,929

டாலியில் இது F5 அழுத்தி எழுதும் Payment வவுச்சர். கடன் கணக்கு Secured Loans குழுவிலும், வட்டிக் கணக்கு Indirect Expenses குழுவிலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே குழுவில் போய் விழுந்தால் பிரித்து எழுதியும் பயனில்லை.

பல வங்கிகளின் கடன் கணக்கு அறிக்கையில் வட்டி தனி வரியாக ஏறும், கட்டிய தவணை இன்னொரு வரியாக இறங்கும். அப்படியானால் நாமும் இரண்டு பதிவாக எழுதலாம். முதலில் வட்டியைப் பற்று வைத்துக் கடனை வரவு வையுங்கள். பிறகு முழுத் தவணைக்கும் கடனைப் பற்று வைத்து வங்கியை வரவு வையுங்கள். விடை ஒன்றுதான். ஆனால் வங்கி அறிக்கையோடு வரிக்கு வரி ஒத்துப்பார்க்க இந்த முறை வசதி, எனக்கும் இதுவே பிடிக்கும்.

2025 மார்ச் 31-க்குள் 11 தவணைகள் போயிருக்கும், மொத்தம் 2,19,219 ரூபாய். இதில் வட்டி 58,105, அசல் 1,61,114. கடன் நிலுவை 4,38,886.

முழுத் தவணையையும் செலவில் போட்டவரின் பேரேட்டில் கடன் இன்னும் 6,00,000 என்றே நிற்கும். இலாபம் 1,61,114 ரூபாய் குறைத்துக் காட்டப்பட்டிருக்கும். வரி குறையும் என்று சிலர் இதை வசதியாக எண்ணுகிறார்கள், அது தவறு. கடன் பணத்தில் வாங்கிய இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். அசலையும் செலவாக எழுதினால் ஒரே இயந்திரத்தின் விலையை இரண்டு முறை கழித்ததாக ஆகும், வரி அதிகாரி அதை ஏற்க மாட்டார். முழுவதையும் கடனில் கழித்தவரின் நிலை நேர் எதிர். அவருடைய புத்தகத்தில் கடன் 3,80,781 என்று காட்டும். வட்டி 58,105 செலவில் வராததால், ஈட்டாத இலாபத்துக்கு வரி கட்ட நேரும்.

பிழை எந்த வகை என்பதை வித்தியாசமே சொல்லிவிடும். புத்தகத்துக் கடன் வங்கி நிலுவையைவிட அதிகமாக இருந்து, அந்த அதிகம் கட்டிய அசலுக்குச் சமமானால் முதல் பிழை. குறைவாக இருந்து, அந்தக் குறை வட்டிக்குச் சமமானால் இரண்டாவது.

ஆண்டு முடிவில் இன்னொரு பதிவு உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கடைசித் தவணை மார்ச் 5 அன்று போனது. அன்றிலிருந்து 31 வரை 27 நாள் வட்டி ஏறிவிட்டது, கட்டுவது மட்டும் ஏப்ரல் 5-இல். அந்த மாத வட்டி 4,389 ரூபாய். 31 நாளில் 27 நாளுக்கான பங்கு 3,823. அது பழைய ஆண்டின் செலவு.

வட்டிக் க/கு ப. 3,823
கொடுபட வேண்டிய வட்டிக் க/கு வ. 3,823

ஏப்ரல் 5 தவணையில் அதைத் தீர்க்கிறோம்:

கொடுபட வேண்டிய வட்டிக் க/கு ப. 3,823
வட்டிக் க/கு ப. 566
கடன் க/கு ப. 15,540
வங்கிக் க/கு வ. 19,929

வங்கிக் கடன் வட்டியை வருமான வரிக்குக் கழிக்க வேண்டுமானால், கணக்கில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் அதை உண்மையிலேயே கட்டியிருக்க வேண்டும். தவணை தவறி, நின்றுபோன வட்டியை வங்கி புதுக் கடனாக மாற்றிக் கொடுத்தாலும் அது கட்டியதாகக் கருதப்படாது.

நாம் போட்ட கணக்குக்கும் வங்கியின் கணக்குக்கும் சில ரூபாய் முதல் சில நூறு ரூபாய் வரை வேறுபாடு வரலாம். பல வங்கிகள் வட்டியை நாள் கணக்கில் போடுகின்றன. 6,00,000-க்கு 30 நாள் வட்டி 5,918, 31 நாளுக்கு 6,115. தாமதமாகக் கட்டினாலும், இடையில் வட்டி விகிதம் மாறினாலும் முதல் நாள் வாங்கிய தவணை அட்டவணை செல்லாது. அப்போது அந்த அட்டவணையை நம்பி எழுதிக்கொண்டே போகாமல் புதிய அட்டவணை கேட்டு வாங்குங்கள்.

மார்ச் 31 தேதியிட்ட கடன் கணக்கு அறிக்கையும் ஆண்டு வட்டிச் சான்றிதழும் வங்கியில் கேட்டால் கிடைக்கும். ஆடிட்டரிடம் புத்தகத்தைக் கொடுக்கும் முன் அந்த இரண்டு தாள்களையும் உங்கள் பேரேட்டின் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒத்துப்பாருங்கள்.