கையிருப்பில் எத்தனை அட்டை உபரி?

மருந்துக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மருந்தாக இருந்தாலும், பத்து நாள் விற்பனைக்கு வேண்டியது அலமாரியில் இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்வார்கள். கணக்கு எளிதுதான். ஆனால் இதனால் சில மருந்துகள் காலாவதியாகும் வரை தேங்கிக் கிடக்கும். சில மருந்துகள் கேட்டு வருகிறவருக்குக் கிடைக்காது.

இரண்டு மாத்திரைகளை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், காய்ச்சலுக்கான பாராசிட்டமால். ஒரு கடையில் இரண்டும் சராசரியாக நாளுக்கு 20 அட்டை விற்கின்றன. ஆர்டர் கொடுத்த நான்காம் நாள் ஸ்டாக்கிஸ்டிடமிருந்து சரக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் அந்த நான்கு நாளில் சராசரியாக 80 அட்டை வேண்டும். 80 அட்டை மீதமிருக்கும்போது ஆர்டர் போட்டால் போதுமா? போதாது. சராசரி என்பதே சில முறை கூடவும் சில முறை குறையவும் விற்பதன் நடு. ஏறக்குறைய இரண்டு ஆர்டருக்கு ஒரு முறை, சரக்கு வருவதற்குள் அலமாரி காலியாகிவிடும். அதைத் தடுக்க 80-க்கு மேல் வைத்திருக்கும் உபரிதான் பாதுகாப்பு இருப்பு.

அந்த உபரியைத் தீர்மானிப்பது விற்பனையின் ஏற்ற இறக்கம். மெட்ஃபார்மின் வாங்குகிறவர்கள் மாதாமாதம் வரும் பழைய வாடிக்கையாளர்கள். விற்பனை 16-க்கும் 24-க்கும் இடையில்தான் பெரும்பாலும் நிற்கும். பாராசிட்டமால் அப்படியல்ல, ஒரு நாள் 6 அட்டை, மறுநாள் 38. இந்தச் சிதறலை அளக்கும் எண்தான் பள்ளிக் கணக்கில் படித்த திட்ட விலக்கம். இரண்டு மூன்று மாத விற்பனையை நாள்வாரியாக எக்செல்லில் இட்டு `STDEV.S` என்ற சார்பைக் கொடுத்தால் அது கிடைத்துவிடும். நம் கடையில் மெட்ஃபார்மினுக்கு 4, பாராசிட்டமாலுக்கு 12 என்று கொள்வோம்.

இது ஒரு நாளின் சிதறல். நமக்கு வேண்டியது நான்கு நாளின் சிதறல். அதற்கு நான்கால் பெருக்கக் கூடாது. நான்கின் வர்க்கமூலமான 2-ஆல் பெருக்க வேண்டும். ஒரு நாள் கூடுதலாக விற்றால் இன்னொரு நாள் குறைவாக விற்று ஓரளவு ஈடுகட்டிவிடும். நான்கு நாளும் சேர்ந்தாற்போல் உச்சத்தில் இருப்பது அரிது. ஆக மெட்ஃபார்மினுக்கு 8, பாராசிட்டமாலுக்கு 24.

அடுத்து, கடைக்காரர் ஒரு முடிவெடுக்க வேண்டும். நூறு முறை ஆர்டர் போட்டால் எத்தனை முறை தட்டுப்பாடில்லாமல் சமாளிக்க வேண்டும்? இதுதான் சேவை நிலை. விற்பனை இயல்நிலைப் பரவலை ஒட்டி இருந்தால், 95 சதவீதத்துக்குப் பெருக்கும் எண் 1.65, 99 சதவீதத்துக்கு 2.33; 99.9 சதவீதத்துக்கு 3.09. எக்செல்லில் `NORM.S.INV(0.95)` என்று இட்டாலும் ஏறக்குறைய இதே எண் வரும்.

95 சதவீதம் போதும் என்றால் மெட்ஃபார்மினுக்கு 8 × 1.65, அதாவது சுமார் 13 அட்டை. பாராசிட்டமாலுக்கு 24 × 1.65, சுமார் 40. எனவே முதலாவதை 93 அட்டை மீதமிருக்கும்போதும், இரண்டாவதை 120 மீதமிருக்கும்போதும் ஆர்டர் போட வேண்டும். விற்பனை ஒன்றுதான், உபரி மூன்று மடங்கு வேறுபடுகிறது.

சேவை நிலையை உயர்த்த உயர்த்தச் செலவு வேகமாக ஏறும். பாராசிட்டமாலுக்கு 99 சதவீதம் வேண்டுமென்றால் 56 அட்டை, 99.9 வேண்டுமென்றால் 74. முழு நூறு என்பது இந்தக் கணக்கில் எட்டவே எட்டாது. உயிர்காக்கும் மருந்துக்கு உயர்ந்த நிலையும், மாற்று பிராண்டு எளிதில் கிடைக்கும் மருந்துக்குத் தாழ்ந்த நிலையும் வைப்பது இதனால்தான்.

95 சதவீதம் என்றால் நூறு வாடிக்கையாளரில் ஐந்து பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நூறு ஆர்டரில் ஐந்தில், சரக்கு வருவதற்குச் சற்று முன் கொஞ்சம் தட்டுப்பாடு வரும் என்பதே பொருள். ஒவ்வொரு ஆர்டரும் 200 அட்டை என்றால், பாராசிட்டமாலில் ஒரு ஆர்டருக்குச் சராசரியாக அரை அட்டைதான் தர முடியாமல் போகும். கேட்டதில் 99.75 சதவீதம் கைக்குப் போய்விடுகிறது. எந்தச் சதவீதத்தைப் பேசுகிறோம் என்று தெளிவில்லாமல் இலக்கு வைத்தால், தேவையில்லாமல் பணம் அலமாரியில் முடங்கும்.

இதுவரை சரக்கு சரியாக நான்காம் நாள் வரும் என்று நம்பினோம். நடப்பில் ஒரு முறை மூன்றாம் நாள் வரும், இன்னொரு முறை ஆறாம் நாள். இந்தத் தாமதத்தின் திட்ட விலக்கம் 1 நாள் என்றால் கணக்கு இப்படி மாறும்:

```
√(நாட்கள் × தினசரி விலக்கம்² + தினசரி சராசரி² × நாள் விலக்கம்²)
மெட்ஃபார்மின்: √(4 × 16 + 400 × 1) = 21.5
பாராசிட்டமால்: √(4 × 144 + 400 × 1) = 31.2
```

1.65-ஆல் பெருக்கினால் பாராசிட்டமாலின் உபரி 40-லிருந்து 52 ஆகிறது. மெட்ஃபார்மினோ 13-லிருந்து 36-க்குத் தாவுகிறது. வாடிக்கையாளர்கள் ஒழுங்காகத்தான் வருகிறார்கள்; ஒழுங்கில்லாதது சரக்கு வண்டி. ஸ்டாக்கிஸ்ட் சராசரியாக இரண்டே நாளில் அனுப்பினாலும், அந்த ஒரு நாள் முன்பின் அப்படியே நீடித்தால் மெட்ஃபார்மினுக்கு 34 அட்டை உபரி தேவை. நான்கு நாள் ஆனாலும் சொன்ன நாளில் தவறாமல் வருகிறவரிடம் வாங்கினால் 13 போதும். சீராக விற்கும் பொருளுக்கு, சீக்கிரம் அனுப்புகிறவரைவிடச் சொன்ன நாளில் அனுப்புகிறவரே மலிவு.

இந்தக் கணக்கு பிழைப்பதற்கு முதல் காரணம், அதில் இடும் எண்கள். சரக்கு தீர்ந்துபோன நாளில் பதிவேட்டில் விற்பனை பூஜ்யம் என்றிருக்கும். ஆனால் அன்றும் மருந்து கேட்டு வந்தவர்கள் உண்டு. அந்த நாட்களை நீக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும். மருத்துவ முகாமுக்கென்று யாரோ மொத்தமாக வாங்கிய 150 அட்டையையும் சேர்க்கக் கூடாது. அதற்குத் தனியாகச் சொல்லி வாங்கலாம். மழைக்காலக் காய்ச்சலில் சராசரியே 20-லிருந்து 35 ஆகும். அது தற்செயலான ஏற்ற இறக்கம் அல்ல; சென்ற ஆண்டின் அதே மாதங்களைப் பார்த்துச் சராசரியையும் சிதறலையும் மாற்ற வேண்டும்.

எட்டு நாளுக்கு ஒன்று விற்கும் ஊசி மருந்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. நான்கு நாளில் சராசரியாக அரை ஊசிதான் போகும். அரை ஊசியை யாரும் வாங்குவதில்லை. இத்தகைய பொருளுக்குப் பாய்சான் பரவல் பயன்படும். அதன்படி, கையில் 2 ஊசி இருக்கும்போது ஆர்டர் போட்டால் 98.6 சதவீதம் சமாளித்துவிடலாம்.

கணக்கு சரியா என்பதை ஓராண்டுப் பதிவே சொல்லிவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை 200 அட்டை வாங்கினால் ஆண்டுக்கு 36 ஆர்டர். 95 சதவீத இலக்கில் இரண்டு முறை தட்டுப்பாடு வருவது இயல்பு. ஏழெட்டு முறை வந்திருந்தால், சிதறலைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறோம், அல்லது ஆர்டர் போட வேண்டிய அளவுக்குக் கீழே இருப்பு இறங்கிய பிறகே யாரோ கவனித்திருக்கிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகளாக ஒரு முறைகூடத் தட்டுப்பாடே வரவில்லை என்றால், தேவைக்கு மேல் உபரி வைத்திருக்கிறோம்.