‘ஆள் சேர்ந்த பிறகு பணம் கொடுங்கள்’

“உங்கள் தொழிற்சாலைக்குத் தேவையான ஆட்களை நாங்களே தேடிச் சலித்துத் தருகிறோம். முன்பணம் கிடையாது, பதிவுக் கட்டணம் கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுத்தவர் வேலையில் சேர்ந்த பிறகு பணம் கொடுத்தால் போதும்.” ஓசூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலை நடத்துபவர்களுக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் புதிதல்ல. புதிய ஆர்டர் கிடைத்து, இரண்டு இயந்திரங்கள் கூடுதலாக வாங்கிப் போட்டு, அவற்றைக் கவனிக்க ஆள் இல்லாமல் திணறும் நேரத்தில் அது வந்தால் உரிமையாளர் உடனே பதில் எழுதிவிடுவார். இழப்பதற்கு ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும்.

இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. உலகம் முழுக்க ஆள்தேர்வு ஏஜென்சிகள் பின்பற்றும் பழைய முறைதான் இது. வேலை முடிந்தால் கூலி, முடியாவிட்டால் இல்லை. இந்தியாவில் நடுத்தரப் பதவிகளுக்கு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கட்டணமாக இருப்பது வழக்கம். பதவி உயர உயர விகிதமும் ஏறும். ஆலைத் தலைவர் போன்ற பெரிய பொறுப்புகளுக்கு வேறொரு முறை உண்டு. கட்டணத்தை மூன்றாகப் பிரித்து, வேலையைத் தொடங்கும்போது ஒரு பங்கு, பட்டியல் தரும்போது ஒரு பங்கு, ஆள் சேர்ந்ததும் மீதி என்று வாங்குவார்கள்.

பிறகு பணம் என்ற முறையில் ஏஜென்சி எப்படிப் பிழைக்கிறது என்பது புரிந்தால் மற்றவை தானாகப் புரியும். ஏஜென்சியில் ஒருவர் ஒரே நேரத்தில் பத்துக் காலியிடங்களுக்கு ஆள் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் மூன்று நிறைவேறினால், அந்த மூன்றின் வருமானத்தில்தான் மற்ற ஏழுக்கும் செலவான நேரம், தொலைபேசிச் செலவு, வேலைவாய்ப்புத் தளங்களுக்குக் கட்டும் சந்தா எல்லாம் ஈடாக வேண்டும். ஆகவே சீக்கிரம் முடியக்கூடிய இடத்துக்கே அவர் முதலில் உழைப்பார். சம்பளம் சந்தை நிலவரத்துக்குக் குறைவாகவும், எதிர்பார்ப்பு அதிகமாகவும், பதில் சொல்ல இரண்டு வாரம் எடுப்பதாகவும் இருக்கும் நிறுவனத்தின் காலியிடம் பத்தில் பத்தாவதாகப் போய்விடும். அதை யாரும் மின்னஞ்சலில் எழுதிச் சொல்ல மாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஓசூரில் கார் கம்பெனிகளுக்குக் கடைசல் வேலை செய்து கொடுக்கும் ஒரு சிறு தொழிற்சாலைக்குத் தரப் பொறியாளர் ஒருவர் வேண்டும். ஆண்டுச் சம்பளம், நிறுவனத்தின் மொத்தச் செலவுக் கணக்கில், 6 லட்சம் ரூபாய். ஏஜென்சிக் கட்டணம் 8.33 சதவீதம் என்றால் ஏறக்குறைய 50,000. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 9,000. ஆக 59,000 ரூபாய்க்கு பில் வரும். ஜிஎஸ்டியில் பதிவு செய்து வரி கட்டும் தொழிற்சாலை அந்த 9,000 ரூபாயைத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும் என்பதால் உண்மையான செலவு 50,000 என்று கொள்ளலாம்.

முதல் சிக்கல் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. எந்தச் சம்பளத்தில் 8.33 சதவீதம்? மொத்தச் செலவுக் கணக்கில் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்புநிதி, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, போனஸ் எல்லாம் சேர்ந்திருக்கும். அவற்றைக் கழித்தபின் அந்தப் பொறியாளரின் நிலையான சம்பளம் 5,16,000 என்றால் கட்டணம் 43,000 ஆகக் குறையும். ஒப்பந்தத்தில் வெறுமனே ‘ஆண்டுச் சம்பளம்’ என்று எழுதிவிட்டு, பில் வந்த பிறகு இந்த 7,000 ரூபாய்க்காக முகம் சுளித்துக்கொள்வதைவிட, முதலிலேயே எது சேரும் எது சேராது என்று ஒரு வரி எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது.

அடுத்தது ‘சலித்துத் தருகிறோம்’ என்ற சொல். சலிப்பது என்றால் என்ன என்பதில் ஏஜென்சிக்கு ஏஜென்சி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. சிலர் ஆளோடு அரைமணி நேரம் பேசி, அவர் செய்த வேலையைக் கேட்டறிந்து அனுப்புவார்கள். சிலர் வேலைவாய்ப்புத் தளத்தில் ‘தரப் பொறியாளர், ஓசூர்’ என்று தேடி, வந்ததை அப்படியே பதினைந்து ரெஸ்யூமேக்களாக அனுப்பிவிடுவார்கள். பதினைந்தில் ஒன்றாவது பலித்தால் லாபம், பலிக்காவிட்டால் அவர்களுக்கு நஷ்டம் குறைவு. ஆனால் அந்தப் பதினைந்தையும் படித்துப் பார்ப்பது தொழிற்சாலையின் தர மேலாளர். ஏஜென்சி செய்ய வேண்டிய சலிப்பை, ஏற்கெனவே ஆள் பற்றாக்குறையில் இருக்கும் அவர் செய்துகொண்டிருப்பார்.

எது நிஜமான பட்டியல் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒவ்வொரு ரெஸ்யூமேயோடும் சில வரிகள் வர வேண்டும். இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் காலம் எத்தனை நாள், ஏன் வேலை மாற விரும்புகிறார், வீடு எங்கே, குடும்பம் ஓசூருக்கு வருமா. இவை இல்லையென்றால் ஆளோடு யாரும் பேசவில்லை என்று அர்த்தம். இன்னொரு சோதனையும் உண்டு. பட்டியலில் உள்ள ஒருவருக்குத் தொழிற்சாலையிலிருந்து நேரே போன் செய்து, “எங்கள் கம்பெனியின் பெயரை உங்களிடம் சொன்னார்களா, உங்கள் விவரத்தை எங்களுக்கு அனுப்பச் சம்மதம் கேட்டார்களா?” என்று விசாரித்தால் போதும். அவர் திகைத்தால் அந்தப் பட்டியலின் மதிப்பு தெரிந்துவிடும்.

தொழில் விஷயத்தை ஏஜென்சி சலிக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. ரெஸ்யூமேயில் ‘பிபிஏபி தெரியும்’ என்று இருக்கும். கார் கம்பெனிக்குப் புதிய உதிரிபாகம் கொடுக்கத் தொடங்கும் முன், அளவு அறிக்கை முதல் செயல்முறைத் திறன் ஆய்வு வரை சமர்ப்பிக்க வேண்டிய ஆவணத் தொகுப்பு அது. அதை அவரே தயாரித்தாரா, யாரோ தயாரித்ததை அடுக்கி வைத்தாரா என்பது, ஏஜென்சியில் பேசுபவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. கேட்க வேண்டிய மூன்று நான்கு கேள்விகளைத் தர மேலாளரே எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை எளிது. “வாடிக்கையாளர் கடைசியாக எந்த ஆவணத்தைத் திருப்பி அனுப்பினார், ஏன்?” என்ற ஒரே கேள்விக்கு வரும் பதிலை அப்படியே குறித்து அனுப்பச் சொன்னால் பாதிப் பேர் வடிகட்டப்படுவார்கள்.

சரி, ஐந்து பேர் வந்தார்கள், மூன்று பேரை நேரில் பார்த்தார்கள், ஒருவருக்கு வேலைக்கான கடிதம் கொடுத்தாயிற்று. அவருக்கு 60 நாள் நோட்டீஸ். ஐம்பத்தைந்தாம் நாள் போன் வருகிறது: “சார், இங்கேயே சம்பளம் கூட்டித் தர்றாங்க, நான் வரல.” ஏஜென்சிக்கு ஒரு ரூபாய் கிடைக்காது, தொழிற்சாலைக்கும் பில் வராது. ஆனால் இரண்டு மாதம் போயிற்று. வர இருந்த மற்ற இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். ஓசூரில் இந்த ஆபத்து கூடுதல். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன், டாடா எலக்ட்ரானிக்ஸ் போன்ற பெரிய ஆலைகள் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன, பெங்களூரும் ஒரு மணி நேரத் தொலைவில். நல்ல பொறியாளருக்கு இன்னொரு அழைப்பு வருவது எந்த வாரமும் நடக்கலாம்.

சேர்ந்த பிறகே பணம் என்ற முறையின் உண்மையான பலன் இந்த இடத்தில்தான். கடிதத்துக்கும் சேரும் நாளுக்கும் நடுவே ஆளைப் பிடித்து வைப்பதில் ஏஜென்சிக்கும் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஆகவே கட்டணம் எந்த நிகழ்ச்சியில் விழும் என்பதைக் கவனிக்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் ‘வெற்றிகரமான தேர்வு’ என்றிருக்கும். அதை, கடிதத்தை ஏற்றுக் கையெழுத்திட்ட நாள் என்றும் வாதிடலாம். ‘வேலையில் சேர்ந்து வருகைப் பதிவான நாள்’ என்று தெளிவாக எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. கடிதம் கொடுத்த ஒரு வாரத்துக்குள், பழைய நிறுவனம் ராஜினாமாவை ஏற்றதற்கான நகலை வாங்கித் தருவது ஏஜென்சியின் பொறுப்பு என்றும் சேர்த்துக்கொள்ளலாம். அது வராமல் இழுத்தாலே ஆள் வரமாட்டார் என்ற சந்தேகம் எழ வேண்டும். அப்போதே இரண்டாவது ஆளிடம் பேசத் தொடங்கலாம்.

சேர்ந்தவர் நிற்கவில்லை என்றால்? பெரும்பாலான ஏஜென்சிகள் 90 நாள்போல ஒரு காலக்கெடு தந்து, அதற்குள் போனால் மாற்று ஆள் தருவார்கள். பணம் திரும்ப வராது, மாற்றும் பெரும்பாலும் ஒரே முறைதான். தொழிற்சாலையின் தகுதிகாண் காலமோ ஆறு மாதமாக இருக்கும். ஆக, ஒருவர் சரிப்பட மாட்டார் என்று நான்காம் மாதத்தில் முடிவானால் மாற்றுக்கு உரிமை போயிருக்கும். இன்னொரு நிபந்தனையும் சின்ன எழுத்தில் இருக்கும். பில்லைச் சொன்ன நாளுக்குள் கட்டாவிட்டால் மாற்று ஆள் உரிமை ரத்து. 59,000 ரூபாயைக் கணக்குப் பிரிவு ஒரு மாதம் தள்ளிப்போட்டதால், எழுபதாம் நாள் ஆள் போனபோது கேட்க வாயில்லாமல் நிற்க வேண்டி வரும். ஏஜென்சி உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனமாக இருந்தால் சட்டமும் அதன் பக்கம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது.

இரண்டு ஏஜென்சிகளை ஒரே நேரத்தில் முடுக்கிவிட்டால் வேகமாக ஆள் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரே ஆளின் ரெஸ்யூமே இருவரிடமிருந்தும் வரும்போது தகராறு தொடங்கும். யார் முதலில் அனுப்பினாரோ அவருக்கே கட்டணம் என்பது பொதுவான நியதி. மின்னஞ்சலில் இருக்கும் நாளும் நேரமுமே சாட்சி. அந்த ஆள் ஏற்கெனவே நேராக விண்ணப்பித்தவராக இருந்தால், “இவர் எங்களிடம் இருக்கிறார்” என்று இரண்டு நாளுக்குள் எழுதித் தெரிவித்துவிட வேண்டும். பேசாமல் இருந்துவிட்டு ஆறு மாதம் கழித்து அவரைச் சேர்த்தாலும் பில் வரும். ஏஜென்சி அனுப்பியவர்மீது அதன் உரிமை ஆறு மாதமோ ஓர் ஆண்டோ நீடிக்கும் என்று ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்.

இந்த முறை எல்லா வேலைக்கும் பொருந்தாது. இயந்திரத்தில் நிற்க நாற்பது பேர் வேண்டும் என்றால் ஐடிஐக்களையும் தொழிற்பழகுநர் திட்டத்தையும் நாடுவதே முறை. ஆட்களைத் தன் சம்பளப் பட்டியலில் வைத்து அனுப்பும் ஒப்பந்த நிறுவனங்களின் சேவையும் வேறு. தரம், பராமரிப்பு, கொள்முதல், டூல் ரூம் போன்ற இடங்களில் அனுபவமுள்ள ஒருவர், இருவர் தேவைப்படும்போதுதான் ‘சேர்ந்த பிறகு பணம்’ நன்றாக வேலை செய்கிறது.

நேர்முகத்துக்கு வந்தவரிடம் கேட்டே தீர வேண்டிய கேள்வி ஒன்று மீதம் இருக்கிறது: “இந்த வேலைக்காக ஏஜென்சி உங்களிடம் ஏதாவது பணம் வாங்கியதா?” தொழிற்சாலையிடம் முன்பணம் வாங்காத சிலர், பதிவு, பயிற்சி, சான்றிதழ் சரிபார்ப்பு என்று வேலை தேடி வருபவரிடம் வசூலித்துவிடுகிறார்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்லும் நெறி. இந்தியா அதை முறைப்படி ஏற்று உறுதி செய்யாவிட்டாலும், தொழிற்சாலை அந்த நெறியைத் தன் ஒப்பந்தத்தில் எழுதலாம். ஆளிடம் பணம் வாங்கியது தெரிந்தால் அதைத் திருப்பித் தரும்வரை பில் நிறுத்தப்படும் என்று ஒரு வரி சேர்த்தால், மின்னஞ்சல் அனுப்பிய ஏஜென்சி அதற்கு ஒப்புக்கொள்கிறதா இல்லையா என்பது கையெழுத்திடும் முன்பே தெரிந்துவிடும்.